திங்கட்கிழமைக்குள் வேண்டும்!



பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் வேறொரு பள்ளியில் அறிவியல் பணித்தியத் தலைவியாக இருந்தேன். நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பள்ளி முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, ஒரு படிவம் என் மேசைக்கு வந்தது. அடுத்த ஆண்டுக்கான பணித்திய வரவு செலவு மதிப்பீட்டைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்றார்கள். அருகிலிருந்த ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பழையதையே போட்டுக் கொடுத்துவிடுங்கள் டீச்சர். எப்படியும் குறைத்துவிடுவார்கள்" என்றார். நானும் அவ்வாறே செய்தேன். ஆண்டை மட்டும் மாற்றினேன். தொகைகளைச் சற்றே கூட்டி எழுதினேன்.

மறு ஆண்டு பொருள்கள் வந்தன. அறிவியல் அறையில் ஏற்கெனவே போதுமான அளவு இருந்த காந்தங்கள் மீண்டும் வந்தன. ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் மின்சாரப் பாடத்திற்குத் தேவையான சிறு மின்விளக்குகள் வரவில்லை. ஏனெனில் நான் அவற்றைக் கேட்கவே இல்லை. முந்தைய ஆண்டின் படிவத்தில் அவை இல்லை. ஆகவே என் படிவத்திலும் இல்லை. தொடர் இணைப்பையும் பக்க இணைப்பையும் கரும்பலகையில் படம் வரைந்தே கற்பித்தேன். தம் கையால் விளக்கை எரியவிட்டுப் பார்க்க வேண்டிய குழந்தைகள், நான் வரைந்த வட்டங்களை ஏட்டில் வரைந்துகொண்டார்கள்.

அதற்காக அன்றைய நிர்வாகத்தை நான் குறை கூறவில்லை. தவறு என்னுடையதுந்தான். ஆயினும், அந்தத் தவற்றை என்னைப் போல் எத்தனையோ பணித்தியத் தலைவர்கள் ஆண்டுதோறும் செய்கிறார்கள் என்றால், அதற்குத் தனிமனிதரின் சோம்பல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. வரவு செலவுத் திட்டத்திற்கு ஓர் இறுதி நாள் இருந்தது, நாள்காட்டி இல்லை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நம் பள்ளிகளுக்குக் கல்வி அமைச்சு வழங்கும் மானியத்தில் பெரும்பகுதி மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுவது. அதைத்தான் நாம் பேச்சுவழக்கில் பி.சி.ஜி. என்கிறோம். பாடத்திற்கென ஒரு பகுதியும், நூல்நிலையம், வழிகாட்டல் போன்றவற்றிற்கென வேறு பகுதியும் வருகின்றன. எனவே ஒவ்வொரு பணித்தியமும் தன் பங்குக்குத் தானே திட்டமிட வேண்டும். அவற்றைத் தொகுத்து, தலைமையாசிரியர் தலைமையில் இயங்கும் நிதிக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டும். பள்ளியின் நிதி ஆண்டு ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் எழுதி, இரண்டு மூன்று பேர் ஆராய்ந்து, ஒரு குழு ஒப்புக்கொள்ள வேண்டிய வேலை இது. இதற்கு ஒரே ஒரு நாளைக் குறித்துவிட்டு, மற்றவை தாமாக நடக்கும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

நாள்காட்டியை முன்னிருந்து பின்னாக அல்ல, பின்னிருந்து முன்னாகக் கட்ட வேண்டும். 2027ஆம் ஆண்டுக்கான திட்டத்தை 2026இல் தயாரிப்பதாக வைத்துக்கொண்டு, ஷா ஆலமில் உள்ள ஒரு பள்ளிக்கு அதை எழுதிப் பார்ப்போம்.

ஜனவரி 1இல் திட்டம் கையில் இருக்க வேண்டும். டிசம்பரில் ஆண்டிறுதி விடுமுறை குறுக்கிடுகிறது. அதற்கு முந்தைய வாரங்கள் தேர்ச்சி அறிக்கைகளாலும் பரிசளிப்பு விழாவாலும் நிறைந்துவிடும். ஆகவே ஒப்புதல் கூட்டத்தை நவம்பர் 20, வெள்ளிக்கிழமைக்கு வைக்கலாம். கூட்டத்திற்கு வருவோர் தாள்களைப் படித்துவிட்டு வர வேண்டுமானால், தொகுக்கப்பட்ட வரைவு நவம்பர் 13இல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. தமிழ்ப்பள்ளியில் அதற்கு முந்தைய வாரத்திலும் பிந்தைய சில நாள்களிலும் எவரிடமும் கணக்கு கேட்க இயலாது. எனவே திருத்தப்பட்ட படிவங்கள் யாவும் அக்டோபர் 30இல் அலுவலகத்திற்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். பண்டிகைக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் நாள்களில் அவற்றை ஒன்றாகத் தொகுக்கலாம்.

திருத்துவதற்குப் பணித்தியத் தலைவர்களுக்கு ஒரு வாரம் தேவை. அவ்வாறெனில் துணைத்தலைமையாசிரியர்கள் தம் குறிப்புகளுடன் படிவங்களைத் திருப்பித் தரும் நாள் அக்டோபர் 23. அவர்கள் ஆராய்வதற்கு இரண்டு வாரம் தேவை. அவ்வாறெனில் பணித்தியங்கள் முதல் படிவத்தைக் கொடுக்கும் நாள் அக்டோபர் 9. பணித்தியங்கள் கூடிப் பேசவும், அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்க்கவும் மூன்றரை வாரம் கொடுத்தால், படிவமும் அறிவிப்புக் கடிதமும் செப்டம்பர் 14ஆம் நாள் கைக்கு வர வேண்டும்.

சுருக்கமாக எழுதினால் இவ்வாறு அமையும்:

செப்டம்பர் 14 – அறிவிப்புக் கடிதமும் படிவமும் வழங்குதல்
அக்டோபர் 9 – பணித்தியங்கள் முதல் படிவம் கொடுத்தல்
அக்டோபர் 23 – ஆராய்ந்து குறிப்புடன் திருப்பித் தருதல்
அக்டோபர் 30 – திருத்திய படிவம் கொடுத்தல்
நவம்பர் 13 – தொகுத்த வரைவு நிதிக்குழுவிற்குச் செல்லுதல்
நவம்பர் 20 – ஒப்புதல் கூட்டம்

வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை கேட்ட அந்தப் படிவத்திற்கு உண்மையில் ஏறத்தாழப் பத்து வாரங்கள் தேவைப்படுகின்றன! இதில் எங்கும் வீண் நாள் இல்லை. எந்த வாரத்தை நீக்கினாலும் ஒருவர் செய்ய வேண்டிய வேலை செய்யப்படாமல் போகும்.

செப்டம்பரில் அனுப்பும் கடிதத்தில் வெறும் நாள்கள் மட்டும் இருந்தால் பயனில்லை. அடுத்த ஆண்டு மானியம் எவ்வளவு என்று அப்போது எவருக்கும் தெரியாது. மத்திய அரசின் வரவு செலவுத் திட்டமே அக்டோபரில்தான் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்படுகிறது. 2025ஆம் ஆண்டின் திட்டம் 2024 அக்டோபர் 18இலும், 2026ஆம் ஆண்டின் திட்டம் 2025 அக்டோபர் 10இலும் தாக்கலாயின. தொகை தெரியட்டும் என்று காத்திருந்தால் நாமும் ஜனவரியைத் தாண்டிவிடுவோம். ஆதலால் நிர்வாகம் ஓர் உத்தேசக் கணக்கைத் தானே செய்து, அனைவருக்கும் ஒரே எண்ணைக் கொடுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்டவை. பள்ளியில் இன்று 180 மாணவர்கள். ஆறாம் ஆண்டை முடித்துச் செல்வோர் 32 பேர். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் பதிந்திருப்போர் 27 பேர். ஆக, 175 மாணவர்கள். அறிவியலுக்கு ஒரு மாணவருக்கு 10 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 1,750 ரிங்கிட். பணித்தியத் தலைவரிடம், "உங்கள் உத்தேசத் தொகை 1,750 ரிங்கிட், இதற்குள் திட்டமிடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அவர் 3,000 கேட்டு அதை நிர்வாகம் வெட்டும் நாடகத்திற்கு இடமில்லை. எப்படியும் குறைப்பார்கள் என்று ஆசிரியர் கூட்டி எழுதுவதும், எப்படியும் கூட்டித்தான் எழுதியிருப்பார்கள் என்று நிர்வாகம் கண்ணை மூடிக்கொண்டு குறைப்பதும், இரு தரப்புக்கும் பேச நேரமில்லாததால் பிறந்த பழக்கங்களே.

இனி, அந்த 1,750 ரிங்கிட்டில் மின்விளக்குகள் எவ்வாறு இடம்பெறும் என்று பாருங்கள். இன்றைய நான்காம் ஆண்டில் 28 மாணவர்கள். அடுத்த ஆண்டு அவர்களே ஐந்தாம் ஆண்டு. நால்வருக்கு ஒரு குழு என்றால் ஏழு குழுக்கள். குழுவுக்கு மூன்று விளக்குகள் என்றால் 21; உடைவதற்கென ஐந்து சேர்த்தால் 26. பணித்திய ஆசிரியர் ஒருவர் செப்டம்பர் இறுதியில் அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு விளக்கையும் மின்கலத்தில் பொருத்திப் பார்க்கிறார். எரிபவை 11. ஆகவே வாங்க வேண்டியவை 15. மின்கலம் குழுவுக்கு இரண்டு என்றால் 14. ஒருமுறை மாற்றுவதற்கும் சேர்த்தால் 28.

இதோடு நின்றுவிடக் கூடாது. எந்த மாதத்தில் வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். ஆண்டுப் பாடத்திட்டத்தில் மின்சாரம் ஜூலையில் வருகிறது என்றால், விலைக்குறிப்பு பெற ஒரு வாரம், கொள்முதல் ஆணை கொடுத்துப் பொருள் வந்து சேர மூன்று நான்கு வாரம், வந்ததைச் சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்ற இன்னொரு வாரம் என்று கணக்கிட்டால், மே மாத இறுதிக்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். மின்கலங்களை ஜனவரியிலேயே வாங்கி வைத்தால் ஜூலைக்குள் அவற்றின் வலு குறையலாம். அக்டோபரில் வாங்கினால் பாடமே முடிந்திருக்கும். மாதம் குறிக்கப்படாத கோரிக்கை பாதிக் கோரிக்கைதான். தொகையை மட்டும் பார்த்து ஒப்புதல் அளிக்கும் பள்ளியில் பணம் இருந்தும் பொருள் உரிய வேளையில் வராமல் போவதற்கு இதுவே முதற் காரணம்.

நாள்காட்டியில் பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. எழுதுவோருக்கு ஒரு மாதம் கொடுப்பார்கள்; ஆராய்வோருக்கு ஒரு மாலைப் பொழுது கொடுப்பார்கள். படிவங்கள் யாவும் கடைசி நாளில் வந்து குவிய, அன்றிரவே கூட்டல் கணக்கை மட்டும் சரிபார்த்துக் கையெழுத்திடுவார்கள். கூட்டல் சரியாக இருப்பதால் திட்டம் சரியாக இருந்துவிடாது. இரண்டு வாரம் கொடுத்தால் துணைத்தலைமையாசிரியர் என்ன செய்வார்? படிவத்தையும் இருப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நான்கு பணித்தியங்கள் தனித்தனியே கேட்டிருக்கும் வெள்ளைத்தாளையும் அச்சு மையையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே முறையில் வாங்க வழி காண்பார். ஒரே மாதத்தில் எல்லாக் கொள்முதலும் குவிந்திருந்தால் அதைப் பரப்பி வைக்கச் சொல்வார்.

அவசரத்தில் எழுதிய படிவத்தைக் கண்டுகொள்வதும் கடினமன்று. மொத்தத் தொகை சென்ற ஆண்டைப் போலவே இருக்கும். ஒவ்வொரு வரியும் 100, 200, 500 என முழு எண்ணாக இருக்கும். மாதம் எழுத வேண்டிய கட்டத்தில் எல்லாவற்றிற்கும் ஜனவரி என்றோ 'ஆண்டு முழுவதும்' என்றோ இருக்கும். இம்மூன்றும் சேர்ந்திருந்தால் அது திட்டமன்று. நான் அன்று கொடுத்த அதே தாள்தான்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில பள்ளிகளில் உண்மையான இறுதி நாளை மறைத்துவிட்டு, அதற்கு இரண்டு வாரம் முந்தைய நாளை அறிவிப்பார்கள். ஆசிரியர்கள் எப்படியும் தாமதிப்பார்கள் என்பது எண்ணம். முதலாண்டு இது பலிக்கும். அக்டோபர் 9 என்று சொன்ன படிவத்தை 23இலும் வாங்கிக்கொண்டார்கள் என்பது தெரிந்துவிட்டால், மறு ஆண்டு எவரும் 9ஆம் நாளைப் பொருட்படுத்தமாட்டார்கள். உரிய நாளில் கொடுத்தவர்தான் தாம் ஏமாந்ததாக எண்ணுவார். எதிர்பாராத தாமதத்திற்கு இடம் விட வேண்டியது அவசியமே. அந்த இடத்தை வெளிப்படையாக விடலாம். மேலே காட்டிய அட்டவணையில் தீபாவளியை ஒட்டிய இரண்டு வாரங்கள் அதற்குத்தான். எல்லாரும் அறிந்த இடைவெளி அது; எவரையும் ஏமாற்றுவதற்கன்று.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பணித்தியம் படிவம் கொடுக்கவில்லை என்றால்? இக்கேள்விக்கு விடை எழுதாத நாள்காட்டி சுவரில் தொங்கும் படத்துக்கு ஒப்பானது. நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

2022 அக்டோபர் 7ஆம் நாள், 2023ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. மூன்றே நாள்களில், அதாவது அக்டோபர் 10இல், நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. நவம்பர் 19இல் பொதுத்தேர்தல் நடந்தது; மாத இறுதியில் புதிய அரசு அமைந்தது. ஜனவரி 1 நெருங்கிவிட்டது. முழுத் திட்டத்தையும் எழுதி நிறைவேற்ற நேரமில்லை. ஆயினும் 2023 ஜனவரியில் ஆசிரியர்களாகிய நமக்குச் சம்பளம் வந்தது. எப்படி? முழுத் திட்டம் நிறைவேறும் முன்னர், ஆண்டின் ஒரு பகுதிக்கான செலவுக்கு மட்டும் நாடாளுமன்றம் முன்கூட்டியே அனுமதி அளிக்கலாம் என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 102ஆம் பிரிவு கூறுகிறது. அதன்படி 2022 டிசம்பர் 20இல் மக்களவை ஏறத்தாழ 10,770 கோடி ரிங்கிட்டுக்கு இடைக்கால அனுமதி வழங்கியது. சம்பளமும் அன்றாடச் செலவுகளும் தடைபடவில்லை. முழுத் திட்டம் 2023 பிப்ரவரி 24இல் மீண்டும் தாக்கல் செய்யப்பட்டது.

இதற்கு மாறாக அமெரிக்காவைப் பாருங்கள். அங்கு நிதி ஆண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. 2025இல் அந்நாளுக்குள் செலவு அனுமதிச் சட்டங்கள் நிறைவேறவில்லை; இடைக்கால ஏற்பாட்டுக்கும் உடன்பாடு எட்டவில்லை. கெடு தவறினால் பழைய அளவில் தானாகத் தொடரலாம் என்ற பொது விதி அங்கு இல்லை. விளைவு, மத்திய அரசின் பல அலுவலகங்கள் நவம்பர் 12 வரை 43 நாள்கள் முடங்கின. இரு நாடுகளிலும் கெடு தவறியது. ஒன்றில் தவறினால் என்ன செய்வது என்பதற்கான வழி பயன்பட்டது. மற்றதில் அவ்வழி அடைபட்டுக் கிடந்தது.

பள்ளிக்கும் அத்தகைய விதி ஒன்றை எழுதி வைக்கலாம். அக்டோபர் 9க்குள் படிவம் வராவிட்டால், அப்பணித்தியத்திற்குச் சென்ற ஆண்டு வாங்கிய தீர்ந்துபோகும் பொருள்கள் மட்டுமே, சென்ற ஆண்டு அளவிலேயே, திட்டத்தில் சேர்க்கப்படும். புதிய பொருள் எதுவும் சேராது. மீதித் தொகை ஒதுக்கப்படாமல் நிற்கும். அடுத்த மறுஆய்வு நாளில் பணித்தியம் முறையாகக் கேட்டால் பரிசீலிக்கப்படும். இது தண்டனையன்று. எவரையும் கூட்டத்தில் எழுப்பி நிறுத்த வேண்டியதில்லை. எவருக்கும் விளக்கக் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஒருவருடைய தாமதம் மற்ற பதினொருவரின் திட்டத்தைத் தடுத்து நிறுத்தாது. தாள், மை, சுண்ணக்கட்டி இல்லாமல் குழந்தைகளும் தவிக்கமாட்டார்கள். ஆனால் புதிதாக ஏதேனும் செய்ய விரும்பும் ஆசிரியர் உரிய நாளில் எழுத வேண்டியிருக்கும். அது நியாயமே.

அந்த மறுஆய்வு நாளும் நாள்காட்டியில் இப்போதே இடம்பெற வேண்டும். உத்தேசத் தொகையை நம்பித் திட்டமிட்டோம்; உண்மையான தொகை ஆண்டு தொடங்கியபின் தெரியவரும். அப்போது கூட்டவோ குறைக்கவோ வேண்டும். நிதிக்குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறை கூடுகிறது. அக்கூட்டங்களையே மறுஆய்வு நாள்களாகக் குறித்துவிட்டால் தனியே வேறு கூட்டம் தேவையில்லை. குறைக்க நேரிடும்போது சண்டை வராமலிருக்க, படிவத்திலேயே ஒவ்வொரு பொருளுக்கும் 1, 2, 3 என வரிசை கேட்கலாம். இல்லாவிட்டால் பாடமே நடக்காது என்பது 1. இருந்தால் நன்றாக நடக்கும் என்பது 2. பணம் மிஞ்சினால் வாங்கலாம் என்பது 3. 1,750 ரிங்கிட் 1,500 ஆகிவிட்டால் 3ஆம் வரிசையிலிருந்து நீக்கிக்கொண்டே வரலாம். அறையில் அமர்ந்து ஒருவர் எல்லாவற்றிலும் பத்து விழுக்காடு வெட்ட வேண்டியதில்லை. பதினைந்து விளக்குகளில் பத்து விழுக்காட்டை எவ்வாறு வெட்டுவது?

2022 முதல் 2025 வரை நம் பள்ளிகள் சந்தித்த சிக்கல் ஒன்றும் நினைவில் வைக்கத்தக்கது. கல்வித் தவணை அவ்வாண்டுகளில் ஜனவரியில் தொடங்கவில்லை. 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் மார்ச்சிலும், 2025இல் பிப்ரவரியிலும் தொடங்கியது. நிதி ஆண்டோ ஜனவரியிலேயே நின்றது. திட்டத்தை எழுதிய பணித்தியத் தலைவர் ஒருவர். தவணை மாறியதும் பொறுப்பேற்றுச் செலவு செய்தவர் வேறொருவர். எழுதியவர் மனத்தில் இருந்த காரணம் படிவத்தில் இல்லை. ஆகவே வந்தவருக்கு அது வெறும் பட்டியல். 2026இல் தவணை மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது நமக்கு நல்வாய்ப்பு. அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமானால், அடுத்த ஆண்டின் பணித்தியத் தலைவர் யார் என்பதை டிசம்பரில் அல்ல, செப்டம்பர் 14க்கு முன்னரே ஓரளவேனும் முடிவு செய்ய வேண்டும். செலவிடப்போகிறவரே திட்டத்தை எழுத வேண்டும். அது இயலாத இடத்தில், ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்த ஆண்டு, எந்தப் பாடம் என்ற இரண்டு சொற்களையாவது எழுதி வைக்க வேண்டும்.

சிறிய பள்ளி ஆசிரியர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. 150 மாணவர்களுக்கு மேற்படாத தமிழ்ப்பள்ளிகள் நம் நாட்டில் பல உள்ளன. அங்கே ஓர் ஆசிரியரே மூன்று பணித்தியங்களுக்குத் தலைவர். ஆறு கட்டங்கள் அவருக்கு ஆறு சுமைகள். அத்தகைய பள்ளிக்கு நான் சொல்வது வேறு. கட்டங்களைக் குறையுங்கள். செப்டம்பர் இறுதியில் ஒரு பிற்பகல் எல்லாரும் அமர்ந்து அலமாரிகளை எண்ணுங்கள், அக்டோபர் நடுவில் இன்னொரு பிற்பகல் ஒரே மேசையில் படிவங்களை எழுதி அங்கேயே ஆராய்ந்துவிடுங்கள், நவம்பரில் ஒப்புதல். மூன்று நாள்கள் போதும். ஆனால் எண்ணும் நாளையும் எழுதும் நாளையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ஒன்றாக்கினால் எவரும் அலமாரியைத் திறக்கமாட்டார், நினைவிலிருந்தே எழுதுவார்.

இதுவும் ஒரு கூடுதல் தாள் வேலைதானே என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். தாள் முன்பும் இருந்தது. நவம்பர் வெள்ளிக்கிழமை வந்தது. அதே தாள் செப்டம்பரில் வருகிறது, அவ்வளவே. நாள்காட்டி பணத்தைக் கூட்டித் தராது. மானியம் தாமதமாக வந்தால் அதை விரைவுபடுத்தவும் அதற்கு ஆற்றல் இல்லை. வரும் பணம் எதற்கு, எப்போது என்பதை முன்னரே அறிந்திருக்கச் செய்யும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பெற்றோர்களுக்கும் இதில் இடமுண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்க நிதி, அரசு மானியத்திலிருந்து வேறானது. இரண்டையும் கலக்கக் கூடாது. ஆனால் இரண்டின் நாள்காட்டியும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். பள்ளி தன் மானியத்தில் எதை வாங்க இயலாது என்பது நவம்பர் 20இல் தெரிந்துவிட்டால், அப்பட்டியலை உடனே சங்கச் செயலவைக்குக் கொடுத்துவிடலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு முன்னர் அவர்கள் அமைதியாகப் பேசி முடிவெடுப்பார்கள். பொதுக்கூட்ட மேடையில் திடீரென்று கோரிக்கை எழுந்து, தலைவர் சங்கடப்பட்டு, எவரோ ஒருவர் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நிலை வேண்டியதில்லை.

அடுத்த முறை நீங்கள் பள்ளிக்கு வரும்போது, "எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?" என்று கேட்பதோடு, "எந்த மாதத்தில் வாங்குவீர்கள்?" என்றும் பணிவாகக் கேளுங்கள். அதற்கு உடனே விடை கிடைத்தால், அப்பள்ளியில் யாரோ செப்டம்பரிலேயே அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு விளக்காக எரியவிட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

உங்கள் பள்ளியில் இவ்வேலை எந்த மாதத்தில் தொடங்குகிறது? அறிந்தால் மகிழ்வேன்.